பட்டன் போனை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து என்ன வேலை பார்க்கலாம்?

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், கைபேசி மட்டும் போதும்" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பல் மருத்துவமனையின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, அந்த விளம்பரங்களின் படங்களைக் கொண்டுவந்து காட்டி "இது நிஜமா?" என்று கேட்கும் பெண்கள் அக்கம்பக்கத்தில் உண்டு. அவர்களில் பெரும்பாலோரிடம் கணினி கிடையாது. பலரிடம் இருப்பது பட்டன் போன். சிலரிடம் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய, இப்போது நினைவகம் நிறைந்து திணறுகிற, விலை குறைந்த டச் போன். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நல்ல போனும், வேகமான இணையமும், ஆங்கிலத்தில் எழுதும் பழக்கமும் உள்ளவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன, அவர்களுக்கு இது தேவைப்படாது.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது டைப்பிங் வேலையைப் பற்றித்தான். அது ஏன் கைபேசியில் கட்டுப்படியாகாது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் சுமார் 250 சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழகிய கைக்கு டச் போனில் தமிழில் நிமிடத்துக்கு இருபது சொற்கள் வரை அடிக்க முடியும் என்றாலும், அந்த ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டரை நிமிடம் தேவை. ஆனால் உண்மையில் அவ்வளவு விரைவில் முடியாது. அடிக்க வேண்டிய மூலமும் அடிக்கிற பக்கமும் ஒரே சிறிய திரையில் சேர்ந்து தெரியாது என்பதால் இரண்டு வரிக்கு ஒரு முறை மாறி மாறிப் பார்க்க வேண்டும், பிறகு பிழை திருத்த வேண்டும், அட்டவணை ஒன்று வந்துவிட்டால் அதோடு தீர்ந்தது. அரை மணி நேரம் ஆகும் அந்தப் பக்கத்தைக் கடைத்தெருவில் உள்ள டிடிபி கடைக்காரர் ஐந்தாறு நிமிடத்தில் அடித்து, அச்செடுத்தும் கொடுத்துவிடுகிறார். அப்படியிருக்க, முகம் தெரியாத ஒருவர் உங்கள் கைபேசியைத் தேடி வந்து பக்கத்துக்கு நூறு ரூபாய் தருவதாகச் சொன்னால், அவருக்கு வேண்டியது நீங்கள் அடிக்கும் பக்கம் அன்று. வழக்கமாக அது "பதிவுக் கட்டணம்" என்ற பெயரில் தொடங்கும். இன்னும் மோசமான வகையில், வேலையை முடித்துக் கொடுத்த பிறகு "துல்லியம் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழ் போய்விட்டது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வழக்கறிஞர் பெயரில் ஒரு போலி நோட்டீஸ் வரும், அபராதம் கட்டச் சொல்லி மிரட்டுவார்கள். அந்த நோட்டீஸுக்குப் பயந்து பணம் கட்டுகிறவர்களை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

பட்டன் போனோ பழைய டச் போனோ, அதில் உண்மையிலேயே நன்றாகச் செய்ய முடிகிற காரியம் பேசுவது. மற்றவரிடம் இல்லாததாக உங்களிடம் இருப்பது, உள்ளூர்ப் பேச்சும், எந்த ஊருக்கு எந்த நேரத்துக்குப் பேருந்து, எந்த ஊரில் என்றைக்குச் சந்தை என்ற விவரமும்தான். ஆகவே இந்தப் போன்களுக்கு ஏற்ற வேலை, உள்ளூரில் உள்ள ஒரு கடைக்காகவோ மருத்துவமனைக்காகவோ அவர்களுடைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு நினைவூட்டும் வேலையே என்பது என் முடிவு. இதை எந்தச் செயலியிலும் விளம்பரத்திலும் காண முடியாது, ஏனென்றால் இதை வேலை என்று யாரும் இன்னும் பிரித்து வைக்கவில்லை. நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு கடையிலும் தள்ளிப்போடப்படும் காரியம் இது.

எங்கள் மருத்துவமனையில் இது எப்படி வேலையாக மாறியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல் சிகிச்சையில் பல வேலைகள் ஒரே நாளில் முடிவதில்லை. ரூட் கெனாலுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வர வேண்டும். முதல் முறையிலேயே வலி நின்றுவிடுவதால், பலர் அடுத்த முறை வருவதில்லை. தற்காலிகமாக அடைத்த அடைப்பு பெயர்ந்து, பல் உடைந்த பிறகு, "போன தடவ நீங்க சரியாப் பண்ணல" என்று வந்து நிற்பார்கள். கேப் போட அளவெடுத்தவர் ஒரு வாரம் கழித்து மாட்டிக்கொள்ள வர வேண்டும். கிளிப் போட்ட பிள்ளைகள் மாதம் ஒரு முறை இறுக்கிக்கொள்ள வர வேண்டும். ஒரு நாளுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து பேருக்கு நேரம் கொடுத்தால், ஐந்தாறு பேர் சொல்லாமல் நின்றுவிடுவது எங்களுக்கு வழக்கமாக இருந்தது. வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குப் பணம் வாங்குவது, எக்ஸ்ரே எடுக்க அனுப்புவது, வந்தவர்களை உட்கார வைப்பது என்று கைக்கு ஓய்வில்லை. முதல் நாளே கூப்பிட்டு நினைவூட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாராலும் செய்ய முடியவில்லை.

எங்கள் தெருவில், மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததால் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த ஓர் அக்காவிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம் என்று மருத்துவரிடம் நான் சொன்னேன். அவரிடம் இரண்டு சிம் போடும் பட்டன் போன் ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்து அழகாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, முன்பின் தெரியாதவரிடமும் முதல் வாக்கியத்திலேயே எரிச்சல் வராமல் பேசத் தெரிந்தவர்.

வேலைக்கு முதல் தேவை ஒரு நீளமான கட்டுப் போட்ட நோட்டு. கணினியில் இருக்கும் பட்டியலைப் பட்டன் போனுக்கு எப்படி அனுப்புவது என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை காகிதம்தான். சனிக்கிழமை மாலை, வருகிற வாரம் முழுவதற்குமான பெயர்ப் பட்டியலை அச்செடுத்து அவருடைய மகனிடம் கொடுத்துவிடுவோம். வாரத்தின் நடுவில் சேர்கிறவர்களை, தினமும் காலை பத்தரை மணிக்கு வரவேற்பிலிருந்து கூப்பிட்டுச் சொல்வோம். எண்ணைச் சொல்லும்போது ஐந்தைந்து இலக்கமாகச் சொல்லி, அக்கா அதைத் திருப்பி வாசிக்க வேண்டும் என்பது விதி. பத்து இலக்கத்தை ஒரே மூச்சில் சொன்னால் நடுவில் ஓர் இலக்கம் காணாமல் போகும், வேறு யாரோ ஒருவர் "எனக்குப் பல்லே இல்லைங்களே" என்று சொல்லும்படி ஆகிவிடும்.

நோட்டில் பெயர், எண், வர வேண்டிய நாளும் நேரமும், முதல் அழைப்பு, இரண்டாம் அழைப்பு, பதில் என்று கட்டங்கள். பதிலுக்கு எழுத்துக் குறிகள் வைத்துக்கொண்டார்: வருவதாகச் சொன்னால் "வ", நாள் மாற்றக் கேட்டால் "மா", எடுக்கவில்லை என்றால் "எ", தவறான எண் என்றால் "த". இந்த நான்கு குறிகளே போதும். மாலையில் வரவேற்புக்குக் கூப்பிட்டு "மா", "த" இருக்கும் பெயர்களை மட்டும் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

நேரத்தைப் பற்றி நாங்கள் நினைத்திருந்ததும் நடந்ததும் வேறாக இருந்தன. காலை ஒன்பது மணிக்கு யாரும் எடுப்பதில்லை, எடுத்தாலும் கேட்பதில்லை. சமையல் முடிந்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வீட்டுப் பெண்கள் உட்காருகிற பதினொன்றிலிருந்து பன்னிரண்டே கால் வரையும், வேலைக்குப் போனவர்கள் திரும்புகிற மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரையும்தான் அழைப்புகளுக்கு ஏற்றவை. முதல் சுற்றில் எடுக்காதவர்களை இரண்டாம் சுற்றில் ஒரு முறை கூப்பிடுவதோடு சரி. மூன்றாம் முறை கூப்பிட்டால் அது நினைவூட்டலாக இராது, தொந்தரவாகிவிடும்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை ஒரு நாளில் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் வழியில் பேசத் தொடங்கினார், அதுவே சரியாகவும் இருந்தது. "வணக்கமுங்க, கோபி பல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசறனுங்க. நாளைக்குக் காலைல பதினொன்னரைக்கு உங்களுக்கு நேரம் குடுத்திருக்கறாங்க, வந்துருவீங்களா? வர முடியலைன்னாலும் சொல்லுங்க, பரவாயில்லீங்க, வேற நாள் பாத்துக்கலாம்." கடைசி வாக்கியத்தை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. வர முடியாது என்று சொல்வதற்கு மக்கள் கூச்சப்படுகிறார்கள், "வந்துடறனுங்க" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. வராவிட்டாலும் பரவாயில்லை என்று நாமே சொல்லிவிட்டால் உண்மை வெளியே வருகிறது. முதல் நாளே உண்மை தெரிந்தால், வலியோடு காத்திருக்கும் இன்னொருவரை அந்த நேரத்துக்கு வரச் சொல்லலாம். மருத்துவமனைக்குப் பெரிய லாபம் அதில்தான் கிடைத்தது. சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் சுமாராகப் பாதியாகக் குறைந்தார்கள் என்பதைவிட, காலியான நேரங்கள் நிரம்பியதையே மருத்துவர் அதிகம் மதித்தார்.

நாளை மாற்றக் கேட்கிறவர்களிடம் "டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றனுங்க" என்றால் இன்னொரு அழைப்பு கூடுதலாகிறது. ஆகவே தினமும் காலையில் வரவேற்பிலிருந்து கூப்பிடும்போதே, அடுத்த சில நாட்களில் காலியாக உள்ள மூன்று நேரங்களை அக்காவிடம் கொடுத்துவிடுவோம். அந்த மூன்றையும் அவர் முடித்துத் தெரிவிக்கும் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாமல் தொடங்கினால், ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள், பழி வீட்டிலிருந்து கூப்பிட்டவர்மீது விழும்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. எடுப்பவர் நோயாளியாக இல்லாமல் கணவராகவோ மாமியாராகவோ இருக்கலாம். என்ன சிகிச்சை, எவ்வளவு பாக்கி என்பதை அவர்களிடம் சொல்லக் கூடாது. நாளும் நேரமும் மட்டுமே சொல்ல வேண்டும். "என்ன வைத்தியத்துக்கு?" என்று கேட்டால், "அது எனக்குத் தெரியாதுங்க, நான் நேரம் மட்டுந்தான் சொல்றனுங்க" என்பதே பதில். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, சிகிச்சை விவரமே இல்லாத பட்டியலைத்தான் அவருக்குக் கொடுக்கிறோம்.

இனி வருமானக் கணக்கு. ஒரு நாளுக்கு இருபத்தைந்து பெயர்கள் என்று கொள்வோம். முதல் சுற்றில் பதினேழு பேர் எடுத்தால், பேசிக் குறிப்பெழுத ஆளுக்கு இரண்டு நிமிடம், ஆக 34 நிமிடம். எடுக்காத எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். இரண்டாம் சுற்றில் அந்த எட்டில் ஐந்து பேர் எடுத்தால் மேலும் 13 நிமிடம். பட்டியல் வாங்குவதும் பதில் சொல்வதும் 20 நிமிடம். மொத்தம் 75 நிமிடம், மாதம் 26 நாட்களுக்கு சுமார் 32 மணி நேரம். மாதம் 3,000 ரூபாய் என்று பேசிக்கொண்டால் மணிக்கு 90 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. ரீசார்ஜ் செலவைக் கழிக்க வேண்டும்: இணையம் இல்லாமல் பேசுவதற்கு மட்டுமான திட்டங்கள் 2025 ஜனவரியில் வந்தபோது 84 நாட்களுக்கு ஏறத்தாழ 450 முதல் 470 ரூபாய் வரை இருந்தன, ஆக மாதத்துக்கு 170 ரூபாய்க்குள் அடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய்.

மணிக்கணக்கில் பார்த்தால் நல்ல கூலி, மாதக்கணக்கில் பார்த்தால் சிறிய தொகை. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்று இடங்களைப் பிடித்தால் மும்மடங்கு வருமே என்று தோன்றும். ஆனால் எல்லா இடத்து வாடிக்கையாளர்களும் போனை எடுப்பது அதே பதினொரு மணிக்கும் ஐந்தரை மணிக்கும்தான். கையில் இருக்கும் நல்ல நேரம் ஒரு நாளுக்கு இரண்டு இரண்டரை மணி மட்டுமே, அதற்குமேல் தொண்டையும் ஒத்துழைக்காது. ஒரு மருத்துவமனையும், தினசரி அழைப்பு தேவைப்படாத வேறொரு கடையும் சேர்ந்தால் மாதம் ஐயாயிரம் முதல் ஆறாயிரம் வரை எதிர்பார்க்கலாம். இந்த வேலையின் உச்சி அதுதான்.

கூலியை எந்த வகையில் பேசிக்கொள்வது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. அழைப்புக்கு இவ்வளவு என்று பேசினால், எடுக்காத அழைப்புக்குக் காசு உண்டா இல்லையா என்று மாதக் கடைசியில் பேச்சு வளரும். வந்த நோயாளிக்கு இவ்வளவு என்று பேசினால், கூப்பிடுகிறவர் வற்புறுத்தத் தொடங்குவார், மருத்துவமனையின் பெயர் கெடும். மாதத்துக்கு ஒரு தொகை, ஒரு நாளுக்கு இத்தனை பெயர் வரை, அதற்குமேல் பெயருக்கு நான்கு ரூபாய் என்று பேசி, நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

சிம் கார்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கூப்பிடுகிற எண் மருத்துவமனையின் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்க வேண்டும், ரீசார்ஜும் அவர்களுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. காரணங்கள் இரண்டு. ஒரு பெண்ணின் சொந்த எண் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போனால், இரவு பத்து மணிக்கு "சும்மா பேசலாம்னு கூப்பிட்டேன்" என்று ஒருவன் நிச்சயமாகக் கூப்பிடுவான். மருத்துவமனை சிம்மாக இருந்தால் ஏழு மணிக்கு அதை மட்டும் அணைத்துவிடலாம். இரண்டாவது காரணம், நாள்தோறும் முகம் தெரியாத பலரைக் கூப்பிடும் எண்ணை யாராவது ட்ரூகாலரில் "ஸ்பேம்" என்று குறித்துவிடுவார்கள். அதன்பின் டச் போன் வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் சிவப்பாகத் தெரியும், எடுப்பவர்கள் சட்டென்று குறைவார்கள். நோட்டில் "எ" என்ற குறி ஒரே வாரத்தில் கூடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்தச் செயலி வைத்திருக்கும் ஒருவரிடம் எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி, நோயாளி முதல் முறை வரும்போதே, "இந்த எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள், பதிந்துகொள்ளுங்கள்" என்று மருந்துச்சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஏற்கெனவே வந்துபோகும் நோயாளிக்கு அவருடைய நேரத்தை நினைவூட்டுவது ஒன்று, "இலவச முகாம் நடக்கிறது, தள்ளுபடி இருக்கிறது" என்று எல்லோரையும் கூப்பிடுவது வேறொன்று. பின்னது விளம்பர அழைப்பு. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அப்படிக் கூப்பிடுவதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அனுமதிப்பதில்லை. பதிவு செய்துகொண்டவர்களுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் தனியே இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, பத்து நாட்களுக்குள் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கலாம். முதல் முறை பதினைந்து நாட்களுக்கு வெளியே கூப்பிட முடியாமல் ஆகும், மறுபடியும் நடந்தால் ஓராண்டுக்கு இணைப்பே துண்டிக்கப்படும். ஆகவே "இந்த ஐந்நூறு எண்ணுக்கும் போன் போடு, நிலம் விற்கிறது என்று சொல்" என்று யாராவது பட்டியல் கொடுத்தால், அந்த எண்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேலை வேண்டாம். கடன் வசூலுக்குக் கூப்பிடும் வேலையையும் நான் பரிந்துரைப்பதில்லை. வசூல் முகவர்கள் காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அதை மீறச் சொல்லுகிற இடைத்தரகர்கள் பலர், மாட்டிக்கொள்வது கூப்பிட்டவர்.

இந்த வேலையை எங்கே கேட்பது? மறுபடியும் வர வேண்டிய வாடிக்கையாளர்கள் உள்ள இடத்தில் கேட்க வேண்டும். பல், கண், பிசியோதெரபி மருத்துவமனைகள், கால்நடை மருந்தகங்கள், இருசக்கர வாகன சர்வீஸ் கடைகள், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு வடிகட்டி மாற்றுகிறவர்கள், தைத்த ரவிக்கைகள் வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடக்கும் தையற்கடைகள் எல்லாம் அந்த வகை. மளிகைக் கடைக்காரருக்கு இது தேவைப்படாது, அவரிடம் வருகிறவர் தானாகவே வருவார். போய்க் கேட்கும்போது "ஏதாவது வேலை இருந்தா குடுங்க" என்று கேட்டால், "இருந்தாச் சொல்றம்மா" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். "போன வாரம் நேரம் குடுத்து எத்தனை பேர் வரலீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அதை எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்களை ஒரு வாரம் எண்ண வைத்து, அடுத்த வாரம் நீங்கள் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதற்குமேல் வாதாட வேண்டியிராது. அந்த ஒரு வாரத்துக்கும் சிறு தொகை கேட்டு வாங்குங்கள். இலவசமாகச் செய்து காட்டியதற்குப் பிறகு விலை பேசுவது கடினம்.

டச் போன் இருந்தால் இதோடு இன்னும் சில சேரும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டலாம், அடிக்கடி அனுப்பும் பதிலைச் சேமித்து வைக்கலாம். வீட்டில் இட்லி மாவு, முறுக்கு, மசாலாப் பொடி செய்து விற்கும் ஒருவருக்கு ஆர்டர் எடுத்துப் பட்டியல் போட்டுக் கொடுப்பது அதில் நன்றாக நடக்கும். செய்கிறவருக்குக் கை மாவில் இருக்கும்போது போன் அடிப்பதுதான் பெரிய தொல்லை. குரல் பதிவு செய்து கொடுக்கும் வேலையும் உண்மையிலேயே இருக்கிறது. திரையில் வரும் வாக்கியங்களைத் தங்கள் தாய்மொழியில் வாசித்துப் பதிவு செய்கிறவர்களுக்குப் பெங்களூருவில் இயங்கும் கார்யா போன்ற நிறுவனங்கள் பணம் கொடுத்திருக்கின்றன, மணிக்கணக்குக் கூலியும் மற்ற செயலிகளைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் குறிப்பிட்ட மொழிக்கும் வட்டாரத்துக்கும் தேவை வரும்போது மட்டுமே அந்த வேலை வரும், ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு. மின்விசிறியை அணைத்துவிட்டு, மிக்ஸி ஓடாத அறையில் உட்கார வேண்டும். வந்தால் செய்யலாம், அதை நம்பி மாத வாடகை பேச முடியாது. கருத்துக் கணிப்புச் செயலிகளைப் பற்றி ஒரே வரி: ஆண்ட்ராய்டில் கூகுள் ஒப்பினியன் ரிவார்ட்ஸ் தருவது ப்ளே ஸ்டோரில் மட்டுமே செலவழிக்கக்கூடிய தொகை, அதைக் கொண்டு அரிசி வாங்க முடியாது.

டச் போன் வாங்கியவுடன் கூடவே வருவது டெலிகிராம் மோசடி. "யூடியூப் காணொளிக்கு லைக் போட்டால் ஐம்பது ரூபாய்" என்று தொடங்கும். முதல் நாள் உண்மையாகவே நூற்றைம்பது ரூபாய் கணக்கில் வரும். பலரும் நம்புவது அந்த நூற்றைம்பதைப் பார்த்துத்தான். தூண்டிலில் புழு இருப்பது போல அந்தப் பணம் அவர்களுடைய முதலீடு. இரண்டாம் நாள் "பிரீபெய்டு டாஸ்க்" என்று ஆயிரம் ரூபாய் கட்டச் சொல்வார்கள், ஆயிரத்து முந்நூறாகத் திரும்பி வரும். பிறகு ஐயாயிரம், பிறகு இருபதாயிரம். அப்போது "ஒரு டாஸ்க் தவறாகிவிட்டது, கணக்கு முடங்கிவிட்டது, திறக்க இன்னும் முப்பதாயிரம் வேண்டும்" என்று வரும். இத்தகைய பகுதி நேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒரே மூச்சில் முடக்கியது. புதியவை வந்துகொண்டேதான் இருக்கின்றன. பணம் போய்விட்டது என்று தெரிந்த கணமே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிக வருத்தம்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள்" என்பதும் வீட்டிலிருந்து செய்யும் வேலையாகவே சொல்லப்படுகிறது. வருவது மேலே சொன்ன மோசடியில் இன்னொருவர் இழந்த பணம். காவல்துறை தேடும்போது முதலில் கிடைப்பது கணக்கு வைத்திருப்பவரின் பெயர். கணக்கு முடங்கும், வழக்கும் வரும், மகளிர் உரிமைத் தொகையும் எரிவாயு மானியமும் வரும் கணக்கு அதுவாக இருந்தால் அவையும் சிக்கிக்கொள்ளும். ஏடிஎம் அட்டையையோ, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மையோ வாடகைக்குக் கேட்கிறவர்களும் இதே கூட்டம்தான்.

உண்மையான வேலையில் பணம் வாங்குவது சிக்கலே இல்லாதது. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் இருந்தால் போதும், கொடுப்பவர் தன் யுபிஐ செயலியிலிருந்தே அனுப்பிவிடலாம். பணம் வாங்குவதற்கு ரகசிய பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. அதைக் கேட்டால் உங்களிடமிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். வந்ததாகச் சொல்லும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல், வங்கியின் மிஸ்டு கால் எண்ணுக்கு ஒரு முறை அடித்து இருப்பைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் அக்கா ஐந்தாம் தேதி பணம் வந்ததும் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். இப்போது மருத்துவர் கிளிப் போட்ட பிள்ளைகளின் மாதப் பட்டியலையும் அவரிடமே கொடுக்கலாம் என்கிறார். அது எழுபது பெயருக்கு மேல் வரும் என்பதால், தொகையை உயர்த்தாமல் வாங்கக் கூடாது என்று நான் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், சம்பளம் போடுகிறவன் நான்தான் என்றாலும்.